செம்புக்காக ஒயர் எரிக்கும் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை

கேள்வி: நாங்கள் வேலூரை அடுத்துப் பாலாற்றங்கரை ஓரம் இருக்கிறோம். என் கணவரும் கொழுந்தனாரும் காயலான் கடை வைத்திருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு இரவு, சேர்ந்த ஒயர், கேபிள் மூட்டைகளை ஆற்று மணலில் போட்டு எரிப்பார்கள். மழை நாளில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையிலேயே எரித்துவிடுவார்கள். காலையில் சாம்பலைச் சலித்துச் செம்பை எடுக்கும்போது என் ஆறு வயது மகனும் பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தைக் குச்சியில் கட்டிக்கொண்டு இரும்புத் துண்டு பொறுக்குவான். ஆறு மாதமாக அவனுக்கு மூச்சு இழுப்பு வருகிறது. வகுப்பில் கவனம் இல்லை என்று ஆசிரியை சொல்கிறார். நான் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மாமியார் நாட்டுக்கோழி வளர்க்கிறார். அந்த மனையில்தான் அவை மேயும். "பத்து வருடமாக எரிக்கிறோம், எங்களுக்கு என்ன ஆயிற்று? மூக்கில் துணி கட்டிக்கொள்கிறோம், டயர் போட்டு நன்றாக எரித்தால் புகை மேலே போய்விடும், வேலை முடிந்து வெல்லம் சாப்பிட்டால் போதும்" என்கிறார் கொழுந்தனார். எரித்த செம்புக்குக் கிலோவுக்கு நாற்பது, ஐம்பது ரூபாய் குறைத்துத்தான் எடுக்கிறார்கள். ஆனாலும் உரிக்க ஆள் இல்லை என்கிறார்கள். பிள்ளைக்கு வரும் இழுப்பு இதனால்தானா? நான் என்ன செய்வது? போலீஸ், வழக்கு என்று ஏதாவது வருமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி, இழுப்பைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் குழந்தைகள் நல மருத்துவர்; என்னை அதைவிட அதிகமாகக் கவலைப்பட வைத்தது அந்தக் காந்தக் குச்சி. இழுப்பு கண்ணுக்குத் தெரிகிறது, மருந்துக்கு அடங்குகிறது, எரிப்பது நின்றால் பெரும்பாலும் குறைந்துவிடும். சாம்பலிலிருந்து விரல் வழியாக வாய்க்குப் போவது கண்ணுக்குத் தெரியாது. வகுப்பில் கவனம் இல்லை என்று ஆசிரியை சொன்னதை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வேன்.

ஆனாலும் புகையிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கொழுந்தனாரின் வாதங்களுக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

தீயில் என்ன நடக்கிறது

ஒயரின் மேலுறை பெரும்பாலும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். சுத்தமான பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான். ஒயர் உறையில் அதை மென்மையாக்கும் எண்ணெய்ப் பொருளும் சுண்ணப் பொடியும் கலந்திருப்பதால் குளோரினின் பங்கு கொஞ்சம் குறையும். அப்படியும், 20 கிலோ வீட்டு ஒயரில் 6 கிலோ உறை இருந்தால், அதற்குள் ஏறத்தாழ ஒன்றரை கிலோ குளோரின் இருக்கிறது. தீ பட்டதும் இதில் பெரும்பகுதி ஹைட்ரஜன் குளோரைடு என்ற வாயுவாக வெளியேறுகிறது. ஈரம் பட்ட இடத்தில் இது ஹைட்ரோகுளோரிக் அமிலமாக மாறும். நம் மூச்சுக்குழாயின் உட்புறம் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. எரித்த இரவும் மறுநாளும் கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, பிள்ளைக்கு இழுப்பு என்று வருவதற்கு இது ஒன்றே போதும். இழுப்பு வந்த நாட்களையும் எரித்த நாட்களையும் ஒரு காலண்டரில் குறித்து வாருங்கள். இரண்டும் ஒட்டி ஒட்டி வந்தால் உங்கள் முதல் கேள்விக்கு உங்கள் கையிலேயே விடை இருக்கும்.

மூக்கில் கட்டும் துணி வாயுவைத் தடுக்காது. மருந்துக்கடையில் விற்கும் நல்ல முகக்கவசம்கூடத் தூசியைத்தான் தடுக்கும். அமில வாயு அதன் வழியாகவும் உள்ளே போகும். வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை: பஞ்சாலையிலும் சிமென்ட் வேலையிலும் இருப்பவர்கள்கூட இதை நம்புகிறார்கள். வெல்லம் உணவுக்குழாயில் இறங்குகிறது. புகை போனது நுரையீரலுக்கு. இரண்டும் சந்திக்கவே வழியில்லை.

டயர் போட்டு நன்றாக எரித்தால் சரியாகிவிடும் என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை, ஏனென்றால் கேட்பதற்கு அது அறிவியல் போலவே இருக்கிறது. டயாக்சின் என்ற நச்சுக் குடும்பத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் மிகக் கொடியதை 1997-இலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. டயாக்சின் தீயின் நடுவில் உருவாவதைவிட, புகை ஆறும் வழியில், ஏறத்தாழ 200 முதல் 450 டிகிரி வெப்பத்தில்தான் அதிகம் உருவாகிறது. அதற்குக் கரி, குளோரின், இந்த வினையை முடுக்கிவிடும் ஓர் உலோகம் ஆகிய மூன்றும் வேண்டும். அந்த உலோகங்களில் முதல் வரிசையில் இருப்பது செம்பு. ஒயரை எரிக்கும்போது மூன்றையும் நாமே ஒரே இடத்தில் குவித்து வைக்கிறோம். முறையான எரிஉலைகளில் புகையை 850 டிகிரிக்கு மேல் குறைந்தது இரண்டு விநாடி நிறுத்தி, பிறகு அந்த ஆபத்தான வெப்ப எல்லையைச் சட்டென்று தாண்டும்படி குளிர்வித்து, வடிகட்டித்தான் வெளியே விடுகிறார்கள். மணலில் எரியும் குவியலில் நடுப்பகுதி சிவந்திருக்கும், ஓரம் புகைந்துகொண்டிருக்கும், மேலே எழும் புகை மெதுவாக ஆறும். டயர் போட்டால் நடுப்பகுதி இன்னும் சிவக்கும். ஓரம் அப்படியேதான் இருக்கும். டயரின் கரியும் கந்தகப் புகையும் கூடுதலாகச் சேரும். மூடி போட்ட டிரம்முக்குள் எரிப்பது இன்னும் மோசம். காற்று போதாமல் அரைகுறையாக எரியும்.

பத்து வருடமாக என்ன ஆயிற்று

டயாக்சின் கொழுப்பில் தங்கும். உடலில் சேர்ந்ததில் பாதி வெளியேறவே ஏழு வருடத்துக்கு மேல் பிடிக்கும். ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே பல பத்தாண்டுகள் இருக்கும். இரண்டுமே காய்ச்சலையோ வாந்தியையோ காட்டி முன்கூட்டியே எச்சரிப்பதில்லை. ஆகவே "எங்களுக்கு என்ன ஆயிற்று" என்ற கேள்விக்கு, யாரும் இன்னும் அளந்து பார்க்கவில்லை என்பதுதான் நேர்மையான பதில். உங்கள் கொழுந்தனார் பெரியவர். அவர் உடம்பு தாங்கியதை வைத்துப் பிள்ளையின் உடம்பைக் கணக்கிட முடியாது. வயிற்றுக்குள் போன ஈயத்தில் பெரியவர்கள் உடலில் சேர்வது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. சிறு குழந்தைகள் உடலில் கிட்டத்தட்டப் பாதி சேர்ந்துவிடும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையென்றால் இன்னும் கூடுதலாகச் சேரும்.

ஈயம் எங்கிருந்து வருகிறது என்று நினைப்பீர்கள். பழைய ஒயர்களின் உறை வெயிலுக்கும் சூட்டுக்கும் தாங்க வேண்டும் என்பதற்காக அதில் ஈயச் சேர்மங்களைக் கலப்பது பரவலான வழக்கமாக இருந்தது. உறை எரிந்துபோகும், ஈயம் எரிந்துபோகாது. அதில் பெரும்பங்கு சாம்பலிலேயே தங்கிவிடும். அதைத்தான் காலையில் சல்லடையில் போட்டு ஆட்டுகிறார்கள். சல்லடைக்குக் கீழே விழும் சாம்பல் மாவு போல நைசாக இருக்கும். அதுதான் காற்றில் எழும்பும், விரல் ரேகைக்குள் ஒட்டும், கொலுசுக் கண்ணிகளிலும் லுங்கி மடிப்பிலும் வீட்டுக்குள் வரும். உங்கள் மகன் காந்தக் குச்சியோடு உட்காரும் உயரம், அந்தத் தூசி மிதக்கும் உயரம்தான்.

சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் குய்யூ என்ற ஊர் முழுவதும் பல வருடங்கள் மின்னணுக் கழிவைப் பிரித்தும் எரித்தும் பிழைத்தது. அங்கே ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 15.3 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. பக்கத்து ஊர்க் குழந்தைகளுக்கு 9.9. அளவு 5-ஐத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் அறிவுறுத்தியது. குழந்தைகளிடம் ஈயம் முதலில் கைவைப்பது மூளையில்: கவனம் சிதறும், படிப்பு பின்தங்கும், எரிச்சல் அதிகமாகும். உங்கள் மகனுக்கு அதனால்தான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. பரிசோதிக்காமல் விடக்கூடாது என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

நாட்டுக்கோழி விஷயத்தில் மாமியாரோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கோழி மண்ணைக் கிளறி, மண்ணோடு சேர்த்தே கொத்தித் தின்னும். மண்ணில் இருக்கும் டயாக்சின் அதன் கொழுப்பில் சேர்ந்து மஞ்சள் கருவுக்கு வரும். கானா நாட்டின் அக்ரா நகரில், ஒயர் எரிப்பதற்குப் பேர்போன அக்போக்பிளாசியில் மேய்ந்த கோழிகளின் முட்டையைச் சோதித்தபோது டயாக்சின் மிக அதிக அளவில் இருந்தது. 2019-இல் அந்த அறிக்கை வெளியானது. எனவே அந்த மனையில் மேயும் கோழியின் முட்டையைப் பிள்ளைக்கு மட்டுமல்ல, யாருக்குமே கொடுக்காதீர்கள். சந்தையில் விற்கவும் வேண்டாம். "நாட்டுக்கோழி முட்டை சத்து" என்பது நல்ல மண்ணில் மேய்ந்த கோழிக்குத்தான் பொருந்தும்.

ஒரு மூட்டையின் கணக்கு

வீட்டில் இதைப் பேசும்போது நோயை முன்னால் வைக்காதீர்கள், பணத்தை வையுங்கள். நீங்கள் எழுதிய விலை வித்தியாசத்தையே எடுத்துக்கொள்வோம்.

வீடுகளில் பிளக் பாயின்ட்டுக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் "இரண்டரை ஒயர்" என்று கேட்பார்களே, அதுதான். ஒரு மீட்டரில் 22 கிராம் அளவுக்குச் செம்பும், ஏறத்தாழ 10 கிராம் உறையும் இருக்கும். 20 கிலோ ஒயர் என்றால் நீளம் 600 மீட்டருக்குச் சற்று மேல், அதில் செம்பு கிட்டத்தட்ட 14 கிலோ. எரித்தால் இந்தச் செம்பின் மேல் கரும் ஆக்சைடு படியும். தட்டினால் அது செதிலாக உதிரும். பல இழை கொண்ட மெல்லிய கம்பியில் இழையே நொறுங்கிச் சாம்பலோடு போய்விடும். வாங்குகிறவர் விலையைக் குறைப்பது சும்மா பேரத்துக்காக அல்ல. உருக்கும்போது எவ்வளவு கழிவு போகும் என்பது அவருக்குத் தெரியும். கிலோவுக்கு 45 ரூபாய் வீதம் 14 கிலோவுக்கு 630 ரூபாய் போகிறது. டயர், டீசல் செலவு தனி. எரிந்துபோன 6 கிலோ உறையையும் எரிக்காமல் வைத்திருந்தால் பிளாஸ்டிக் வாங்குகிறவர் எடுத்திருப்பார். அது பெரிய பணம் இல்லைதான், ஆனால் சும்மா புகையாக விட்ட பணம்.

மறுபக்கம், 600 மீட்டர் ஒயரை உரிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மேசையில் பொருத்திக் கையால் சுற்றும் உரிப்பான் இருந்தால், ஒயரை நீட்டி நேராக்குவதையும் சேர்த்து, பழகிய ஓர் ஆளுக்கு ஏறத்தாழ அரை நாள் வேலை. அந்த அரை நாள் கூலியையும் அந்த 630 ரூபாயையும் அவர்களே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். உரிக்க ஆள் இல்லை என்கிறார்களே, இரவு காவலுக்கும் காலையில் சலிக்கவும் ஆள் இருக்கிறதே?

எதை உரிப்பது, எதை உரிக்காமலே விற்பது

அக்போக்பிளாசிக்கு 2014-இல் ஒயர் உரிக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் எரிப்பது நின்றுவிடவில்லை. தடித்த ஒயரை இயந்திரம் உரித்தது. மெல்லிய ஒயர் மறுபடியும் தீக்குத்தான் போனது. உங்கள் கடையிலும் இதே இடத்தில்தான் திட்டம் முறியும். ஆகவே மூட்டை வந்ததும் முதல் வேலை, தடிமன் பார்த்துப் பிரிப்பது.

தடித்த ஒயரும் கேபிளும் ஒரு குவியல். இவற்றை உரிக்கலாம். வெளியே இரும்புக் கம்பிக் கவசம் சுற்றிய பூமிக்கடிக் கேபிள் என்றால், மேலுறையை நீளவாட்டில் கீறித் திறந்து, கவசக் கம்பியைத் தனியே உருவி எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாக உரிக்க வேண்டும். உள்ளே அலுமினியம் இருக்கிறதா செம்பா என்று நுனியைச் சுரண்டிப் பார்த்துவிட்டுப் பிறகு உழைப்பைக் கொட்டலாம். உரிப்பானின் பிளேடை முதலில் ஓர் அடி நீளத் துண்டில் சரிபார்க்க வேண்டும். உறை பிளந்து, செம்பின் மேல் கீறல் விழாமல் இருந்தால் ஆழம் சரி. செம்புத் தூள் உதிர்ந்தால் பிளேடு அதிக ஆழம் இறங்கியிருக்கிறது. பிளந்த பிறகும் உறை செம்போடு ஒட்டிக்கொண்டு வந்தால் ஆழம் போதவில்லை. பழைய ஒயர் விறைத்துப்போயிருந்தால் ஒரு மணி நேரம் வெயிலில் பரப்பி வையுங்கள். உறை இளகி நன்றாகக் கழன்று வரும். வேலூர் வெயிலால் இப்படியாவது ஒரு நன்மை கிடைக்கட்டும். இளக்குவதற்காகத் தீயில் வாட்டவோ அடுப்பில் காட்டவோ கூடாது. அது சின்ன அளவில் அதே தவறுதான்.

உரிப்பதிலும் தூசி உண்டு, பிளேடு உண்டு. தடித்த கையுறை, மூடிய செருப்பு, உரிக்கும் இடத்தில் சோறு தண்ணீர் கிடையாது என்ற கண்டிப்பு, முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுவது ஆகியவை போதும். பிள்ளை அந்தப் பக்கம் வரக்கூடாது.

சார்ஜர் ஒயர், இயர்போன் ஒயர், கணினிக்குள் இருக்கும் பட்டை ஒயர், தொலைபேசி ஒயர் எல்லாம் இரண்டாவது குவியல். இவற்றைக் கையால் உரித்தால் கூலி கட்டாது. எரிக்கும் ஆசை வருவதே இவற்றுக்குத்தான். இவற்றை உரிக்காமலேயே மூட்டையாகச் சேர்த்து, துகளாக அரைத்துப் பிரிக்கும் ஆலை வைத்திருக்கும் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு விற்பதுதான் வழி. அங்கே ஒயரைப் பொடியாக நறுக்கி, காற்று ஊதும் அதிர்வு மேசையில் விடுவார்கள். கனமான செம்பு ஒரு பக்கமும் லேசான பிளாஸ்டிக் இன்னொரு பக்கமும் போய்விடும். தீ தேவையே இல்லை. கிலோவுக்குக் கிடைக்கும் விலை செம்பு விலையாக இருக்காது என்பது உண்மை. ஒரு கிலோவில் செம்பு எவ்வளவு என்று ஒரு மீட்டரை வெட்டி உரித்து எடைபோட்டுத் தெரிந்துகொண்டால் பேரத்தில் ஏமாற மாட்டீர்கள். ஒரு நிறுவனம் சின்ன மூட்டைக்கு வண்டி அனுப்பாது. அக்கம்பக்கத்து நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு லோடு தேற்றினால் அனுப்பும்.

மூன்றாவது, தொடவே கூடாதவை. மேலுறைக்கு அடியில் ஈயக் குழாயும் எண்ணெய் ஊறிய காகிதமும் இருக்கும் பழைய மின்வாரியக் கேபிள், உள்ளே பிசுபிசுப்பான களிம்பு நிரப்பிய தொலைபேசிக் கேபிள் ஆகிய இரண்டையும் எரிக்கவும் வேண்டாம், கையால் பிரிக்கவும் வேண்டாம். அப்படியே ஓரமாக வைத்துப் பதிவுபெற்றவரிடம் கொடுங்கள். களிம்புக் கேபிளும் பிளாஸ்டிக் உறைச் செம்பு ஒயரும் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலிலேயே பெயர் சொல்லி இடம்பெற்றிருப்பவை. மோட்டார், சிறு மின்மாற்றி ஆகியவற்றின் சுருளில் இருப்பது உறை அல்ல, வார்னிஷ் பூச்சு. அதையும் தீயில் போடுகிறார்கள், தேவையில்லை. ஒரு பக்கத்துச் சுருளை உளியால் வெட்டிவிட்டு மறுபக்கத்திலிருந்து இழுத்தால் செம்பு வந்துவிடும். வார்னிஷோடு இருக்கும் செம்புக்கும் தனி விலை இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

நான் வழக்கறிஞர் இல்லை, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் நாடு முழுவதற்கும் தடை விதித்தது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய கணினி, தொலைக்காட்சி போன்றவற்றைப் பிரித்து உலோகம் எடுக்கும் மறுசுழற்சித் தொழிலுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பதிவு வேண்டும். ஆகவே எரிப்பதில் அபராதம், வழக்கு ஆகியவற்றுக்கு வாய்ப்பு நிச்சயம் உண்டு. பதிவுபெற்ற நிறுவனங்களின் விவரத்தைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம். அங்கே போனாலே மாட்டிக்கொள்வோம் என்று உங்கள் கணவர் அஞ்சலாம். "எங்களிடம் ஒயர் சேர்கிறது, யாரிடம் விற்கலாம்" என்று கேட்பது குற்றம் இல்லை.

ஆற்றில் எரித்தால் யாருக்கும் கேடில்லை என்று நினைப்பதையும் விட்டுவிடுங்கள். மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-இல் இந்த நாட்டுச் சட்டமாக உறுதி செய்ததே நம் வேலூர் வட்டாரத் தோல் ஆலைகளின் வழக்கில்தான். பாலாற்று மணலுக்கு ஏற்கெனவே போதுமான சுமை இருக்கிறது.

இப்போதே செய்ய வேண்டியவை

மகனை இந்த வாரமே சாம்பல் பக்கம் போகவிடாமல் நிறுத்துங்கள். இதற்கு வீட்டில் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். அடுத்து, ரத்தத்தில் ஈய அளவுப் பரிசோதனை. எல்லா ஆய்வகத்திலும் இது இருக்காது. பெரிய மருத்துவமனையிலோ பெரிய ஆய்வகத்திலோ கேளுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே அளவை ஏற்றிக் காட்டிவிடும். ஆகவே கையை நன்றாகக் கழுவிவிட்டு, ரத்தக்குழாயிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கூடவே ஹீமோகுளோபின், இரும்புச்சத்தின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அளவு 5-க்கு மேல் இருந்தால் பதற வேண்டாம்: பெரும்பாலான குழந்தைகளுக்கு மருந்து, ஈயம் வரும் வழியை அடைப்பதும் இரும்புச்சத்தும் கால்சியமும் உள்ள உணவும்தான். ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்தைப் பொதுவாக 45-க்கு மேல் போனால்தான் கொடுப்போம், அதுவும் மருத்துவமனையில் வைத்து. "உடம்பைச் சுத்தம் செய்யும்" பொடி, பஸ்பம் எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. டயாக்சினுக்குப் பரிசோதனை தேடி அலைய வேண்டாம். எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் அதைவைத்துச் செய்யக்கூடிய சிகிச்சை எதுவும் இல்லை.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். உங்களைப் போன்ற நிலையிலும் தாய்ப்பாலின் நன்மையே பெரிது. நீங்கள் சாம்பலைத் தொடாமல் இருங்கள். உங்கள் ரத்தத்திலும் ஈய அளவைப் பார்த்துவிடுங்கள். கணவரும் கொழுந்தனாரும் கடையிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு வரட்டும். அந்தத் துணியைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பும், ஈரத்துணியால் துடையுங்கள்.

மனையில் கிடக்கும் பழைய சாம்பலைப் பாத்திரம் துலக்கவோ செடிக்கு உரமாகவோ எடுக்கக்கூடாது, ஆற்றிலும் கொட்டக்கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, கோணியில் அள்ளிக் கட்டி, மூடி வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒயர் பற்றிக் கேட்கும்போது இதை எங்கே ஒப்படைப்பது என்றும் கேளுங்கள். எரித்த இடத்தின் மேல் ஒரு சாண் உயரத்துக்கு வேறு இடத்து நல்ல மண்ணைக் கொட்டிக் கெட்டிப்படுத்திவிட்டு, கோழிகளுக்கு வேறு இடத்தில் பட்டி போடுங்கள்.

மகனுக்கு ஏற்கெனவே இழுப்புக்கு மருத்துவர் இன்ஹேலர் எழுதியிருந்தால் அது பழகிவிடும் என்று பயந்து நிறுத்தாதீர்கள். அடுத்த முறை அவரிடம் போகும்போது நாட்களைக் குறித்த அந்தக் காலண்டரைக் கொண்டுபோங்கள். இருமல், இழுப்பு என்று மட்டும் சொன்னால் அவர் அதற்கான மருந்தை மட்டும்தான் எழுதுவார். வீட்டில் ஒயர் எரிப்பதையும், பிள்ளை சாம்பலில் உட்கார்ந்ததையும், ஆசிரியை சொன்னதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஈய அளவு கூடுதலாக வந்திருந்தால், எத்தனை வாரம் கழித்து மறுபடி பார்ப்பது என்பதையும் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.